சாகப் போகிற கோழியை அறுக்காதீர்கள்

லயத்திலும் வீட்டுத் தோட்டத்திலும் நாலைந்து கோழி வளர்க்கும் நம்மிடையே, பறவைக் காய்ச்சலைப் பொறுத்தவரை மிகவும் ஆபத்தான தவறு எது என்று கேட்டால், நோய்ப்பட்ட கோழியைச் சாவதற்கு முன் அறுத்துக் கறியாக்கிவிடுவதுதான் என்று சொல்வேன். பாடுபட்டு வளர்த்தது வீணாகப் போகக் கூடாது என்ற எண்ணத்தில் செய்யப்படுவதால் அது தவறாகவே யாருக்கும் தோன்றுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில் எங்கள் லயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் எட்டுக் கோழிகள் இருந்தன. சனிக்கிழமை காலையில் கூட்டைத் திறந்தபோது இரண்டு செத்துக் கிடந்தன. மூன்றாவது கோழி கொண்டை கருநீலமாகி, முகம் வீங்கி, சிறகைத் தொங்கவிட்டு மூலையில் நின்றது. அதை உடனே அறுத்து, வாளியில் சுடுதண்ணீர் ஊற்றி அமுக்கி எடுத்தார்கள். அக்காவின் பன்னிரண்டு வயது மகள் குனிந்து உட்கார்ந்து இறகு பிடுங்கினாள். ஈர இறகு மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டிருக்க, அதே கையால் அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் குடல் கழுவப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் மூன்று கோழிகள் செத்தன. மிஞ்சிய இரண்டையும் வந்த விலைக்கு ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கோழிகளுக்கு வந்தது என்ன நோய் என்று யாரும் பரிசோதிக்கவில்லை. நல்ல வேளையாக மனிதர் எவருக்கும் காய்ச்சல் வரவில்லை.

“நன்றாக வேக வைத்துத்தானே சாப்பிட்டோம்” என்று பிறகு சொன்னார்கள். சாப்பிடுவதைப் பொறுத்தவரை அது சரி. கறியின் எல்லாப் பகுதியும் 70 பாகை செல்சியசைத் தாண்டினால் பறவைக் காய்ச்சல் வைரஸ் அழிந்துவிடும். ஆனால் ஆபத்து சட்டிக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. நோயுற்ற கோழியின் எச்சில், மூக்குச் சளி, எச்சம், இரத்தம், குடல் எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கும். அறுக்கும்போதும், இறகு பிடுங்கும்போதும், குடலை உருவும்போதும் அது நுண்துளிகளாகக் காற்றில் கலந்து மூக்கிலும் வாயிலும் போகும். கையிலிருந்து கண்ணுக்கும் ஏறும். 2003ஆம் ஆண்டு முதல் உலகில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றியதாக உறுதிசெய்யப்பட்டவர்கள் 900 பேருக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துவிட்டார்கள். பெரும்பாலோர் நோயுற்ற அல்லது செத்த பறவைகளோடு நெருங்கிப் புழங்கியவர்கள். ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு இது எளிதில் பரவுவதில்லை.

அடுத்த தவறு, “இது வழக்கமான ரானிக்கெட்தான்” என்று நாமே முடிவு செய்வது. பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் திடீர்ச் சாவு, பச்சையாகக் கழிதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், முட்டை நின்றுபோதல் ஆகியவை இரண்டு நோய்க்கும் பொதுவானவை என்பதால், அனுபவமுள்ள மிருக வைத்தியரால்கூடக் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் சோதித்தால்தான் தெரியும். அதற்கான மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் நம் பக்கத்தில், பேராதனை கன்னொறுவையிலேயே இருக்கிறது. வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக் குளிசையைப் பொடித்துத் தீனியில் கலந்து கொடுப்பதால் பயனில்லை, ஏனென்றால் அந்த மருந்து வைரஸைத் தொடுவதே இல்லை.

அப்படியானால் அந்தச் சனிக்கிழமை காலையில் என்ன செய்திருக்க வேண்டும்? பிள்ளைகளைக் கூட்டருகே விடாமல், செத்த கோழிகளை நாயும் பூனையும் இழுக்காதபடி ஒரு பழைய பேசினைக் கவிழ்த்து மூடி, மேலே கல் வைத்துவிட்டு, பிரதேச அரச மிருக வைத்தியர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். பூனைக்கும் இந்த நோய் தொற்றும் என்பதால் அந்தக் கல் அவசியம். உயிரோடிருக்கும் கோழிகளை விற்கவோ, உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பவோ, திறந்துவிடவோ கூடாது. புதைக்கச் சொன்னால், முகக்கவசம் அணிந்து, கையுறை இல்லாவிட்டால் இரண்டு பொலித்தீன் பைகளைக் கையில் மாட்டி எடுத்து, பீலிக்கும் ஓடைக்கும் தூரமாக, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். பிறகு கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும். கூட்டை முதலில் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிய பிறகே குளோரின் ஊற்ற வேண்டும். எச்சத்தின் மேல் ஊற்றிய குளோரின் அங்கேயே வீரியம் இழந்துவிடும்.

நம் குளிரையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். எச்சத்தில் இருக்கும் வைரஸ் 37 பாகை வெப்பத்தில் சுமார் 6 நாள்தான் உயிர்த்திருக்கும். 4 பாகைக் குளிரில் குறைந்தது 35 நாள் தாங்கும். நுவரெலியாவின் ஈரமும் நிழலும் உள்ள கூடு இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவே கோழி செத்த கூட்டில் அடுத்த வாரமே புதுக் குஞ்சு விடுவதும், அந்தக் கூட்டு எருவை அப்படியே லீக்ஸ் பாத்திக்குப் போடுவதும் தவறு. குளிர்ப்பெட்டியும் இந்த வைரஸைக் கொல்வதில்லை, பாதுகாத்து வைக்கிறது.

ஆரோக்கியமான கோழியின் முட்டையையும் இறைச்சியையும் உண்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நோய்ப்பட்ட கோழி இட்ட முட்டையின் ஓட்டில் மட்டுமல்ல, உள்ளேயும் வைரஸ் இருக்கலாம். பெரிய மனுஷியான பிள்ளைக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கும் வழக்கத்தையும், பிள்ளை பெற்றவளுக்கு அரை அவியல் கொடுப்பதையும் மாற்றி, மஞ்சள் கரு இறுகும்வரை அவித்தே கொடுங்கள், சத்து குறைந்துவிடாது. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். வைரஸைக் கொல்ல அது தாராளமாகப் போதும், ஆனால் வேக நேரம் கொஞ்சம் கூடுதலாகும். கடையில் வாங்கிய பச்சை இறைச்சியைக் குழாயடியில் அலசாமல் நேரே சட்டியில் போடுவது நல்லது, ஏனெனில் தெறிக்கும் தண்ணீர் கிருமியைக் குசினி முழுக்கப் பரப்பும். இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் அவற்றிலேயே சம்பலுக்கு வெங்காயம் அரியாதீர்கள்.

செத்த கோழியைத் தொட்டவருக்கோ கூட்டைக் கூட்டியவருக்கோ, கடைசியாக அதைச் செய்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், தொண்டை வலி, கண் சிவத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தால், கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. இதற்குரிய ஒசெல்டமிவிர் என்ற மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதிகம் பலன் தரும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழம்பினாலோ, உதடு நீலித்தாலோ 1990 அம்புலன்சை அழையுங்கள். ஆஸ்பத்திரிக்கு முகக்கவசம் அணிந்து போய், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல், “எங்கள் வீட்டில் கோழி செத்தது, நான்தான் எடுத்துப் போட்டேன், இத்தனை நாளாகிறது” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் பனடோல் கொடுத்து அனுப்பிவிடக்கூடும்; பறவைக் காய்ச்சலைச் சந்தேகித்துப் பரிசோதிக்க அவருக்கு வேறு தடயம் இருக்காது.