ஸ்கிரீன்ஷாட்டில் 50,000, கமிஷன் மட்டும் 1,500

தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கும் தங்கச்சி, எக்செல் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பி, "அண்ணா, 2,500 வரணும்ல, ஏன் 1,500 காட்டுது?" என்று கேட்டாள். B2-வில் விற்பனை 50,000. C2-வில் இருந்த ஃபார்முலா இது:

```
=ROUND(IF(B2>=50000,B2*5%,B2*3%),0)
```

இந்த மாதிரி அடுக்கு ஃபார்முலாவை நான் எப்போதும் உள் அடைப்பிலிருந்துதான் படிப்பேன். முதலில் B2>=50000 என்ற கேள்வி; ஆம் என்றால் 5 சதவீதம், அதாவது 2,500, இல்லையென்றால் 3 சதவீதம், 1,500. அப்புறம் வெளியே இருக்கும் ROUND அதை முழு ரூபாயாக்கும். விடை 1,500 என்றால் அந்தக் கேள்விக்கே 'இல்லை' என்றுதான் பதில் வந்திருக்கிறது.

படத்தில் தெரிவது செல்லின் தோற்றம் மட்டும்தான், உள்ளே இருக்கும் எண் தெரியாது. B2-வில் தசம இடங்களைக் கூட்டச் சொன்னேன்: 49,999.60! அதன் 3 சதவீதம் 1,499.988, ROUND அதைத்தான் 1,500 ஆக்கியிருக்கிறது, அதனால்தான் சந்தேகமே வராத மாதிரி முழு எண்ணாக நின்றது.

40 பைசா குறைந்தால் 5 சதவீதம் உண்டா என்று முதலாளியிடம் கேட்கச் சொன்னேன், அது அவர் முடிவு. உண்டு என்றார். சரி என்று கேள்வியை மட்டும் ROUND(B2,0)>=50000 என்று மாற்றினோம், 2,500 வந்தது.