லெதர் ஜாக்கெட்டில் மக்கல் வாடையா, புளிச்ச வாடையா?

குளிர்நாட்டுக்கு வந்த முதல் வருடம் ஆசையாக வாங்கிய லெதர் ஜாக்கெட்டை, குளிர் முடிந்ததும் பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் தொங்கவிட்டேன். அடுத்த குளிருக்கு வெளியே எடுத்தால், மழையில் நனைந்த பழைய புத்தகக் கட்டு மாதிரி ஒரு வாடை. கைமடிப்பில் வெள்ளையாகப் பொடி. கெடுத்தது அந்த உறைதான். தோலில் இருந்த கொஞ்ச ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. போதாக்குறைக்கு, அலமாரி வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி இருந்தது. அந்தச் சுவர் சில்லென்று இருப்பதால், வீட்டுக்குள் துணி காயப்போடும் ஈரமெல்லாம் போய் அதன் பக்கம்தான் படியும்.

முதலில் மூக்கை நம்புங்கள். மக்கிய வாடை என்றால் பூஞ்சை. புளிச்ச வாடை என்றால் வியர்வையைத் தின்னும் பாக்டீரியா விடும் அமிலங்கள். இது பெரும்பாலும் ஷூவில் வரும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. எல்லாரும் சமையல் சோடாவைத்தான் சொல்வார்கள். அமில வாடைக்கு அது நன்றாகக் கேட்கும், பூஞ்சை வாடைக்கு அவ்வளவாகக் கேட்காது. இன்னொன்று, லெதர் இயல்பிலேயே கொஞ்சம் அமிலத் தன்மை கொண்டது. சோடாவோ காரம். அதை நேராகத் தோல்மேல் தூவித் தேய்த்தால் நாளடைவில் தோல் வறண்டு போகும், கறுப்புத் தோலில் வெள்ளைத் தடமும் விழும்.

வெள்ளைப் பொடி எல்லாமே பூஞ்சை இல்லை. சில தோல்களில் உள்ளே இருக்கும் கொழுப்பு குளிரில் மேலே வந்து பூத்திருக்கும். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து, இளஞ்சூட்டில் சில நொடி காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு, துடைத்தால் போதும். மறையாமல், மோந்தாலும் மக்கல் வாடை வந்தால் பூஞ்சைதான்.

என் ஜாக்கெட்டில் இருந்தது பூஞ்சைதான். பால்கனியில் வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் பொடியைத் தட்டினேன். வீட்டுக்குள் தட்டினால் பூஞ்சை விதைகள் மற்ற துணிக்கும் பரவும். அப்புறம் மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பிங் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் தொட்டு நன்றாகப் பிழிந்து, முதலில் காலருக்கு அடியில் ஓர் ஓரத்தில் துடைத்துப் பார்த்தேன். துணியில் சாயம் ஏறினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். ஏறவில்லை என்பதால் முழுதும் லேசாகத் துடைத்தேன். ஸ்வேட் தோலுக்கு மட்டும் இந்த ஈர வேலையே வேண்டாம், பிரஷ்ஷும் காற்றும் போதும். ஆல்கஹால் தீப்பற்றும், அதனால் பக்கத்தில் அடுப்போ ஹீட்டரோ இருக்கக் கூடாது.

இவ்வளவு செய்தும் வாடை பாதிதான் போனது. காரணம் லைனிங். பைகளை வெளியே இழுத்து மோந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, தோலைவிடத் துணிதான் அதிகம் நாறியது. அதே கலவையை லைனிங்கில் மட்டும் மெல்லிசாகத் தெளித்து, ஜிப்பைத் திறந்துவிட்டு, அகலமான ஹேங்கரில் காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் தொங்கவிட்டேன். ஹீட்டர்மேலோ வெயிலிலோ போட்டால் சீக்கிரம் காயும்தான், ஆனால் ஈரமான தோல் சூட்டில் சுருங்கி விறைத்துவிடும். அதைத் திரும்ப இளக வைப்பது கஷ்டம்.

நன்றாகக் காய்ந்த பிறகு மூடியுள்ள பெரிய பெட்டியில் ஜாக்கெட்டோடு இரண்டு ஆக்டிவேட்டட் சார்கோல் பைகளை, தோலில் படாமல், வைத்து ஒரு வாரம் விட்டேன். ஈரத்தோடு மூடினால் கதை முதலிலிருந்து தொடங்கும். கடைசியாக, ஆல்கஹால் எடுத்துக்கொண்ட எண்ணெய்ப் பசைக்காக லெதர் கண்டிஷனர், மெல்லிய ஒரே பூச்சு. அதிகம் பூசினால் தோல் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். வாடை இருக்கும்போதே பூசினால் அது உள்ளேயே தங்கிவிடும். சென்ட் அடிப்பதும் வீண், இரண்டு வாடையும் கலந்து இன்னும் மோசமாகும்.

ஷூவுக்கு வேலை குறைவு. இன்சோலை உருவித் தனியாகக் காயவையுங்கள், ரொம்ப நாறினால் புதிது போடுங்கள். சமையல் சோடாவைப் பழைய சாக்ஸில் கட்டி ராத்திரி உள்ளே வைத்து, காலையில் எடுத்துவிடுங்கள். ஒரே ஷூவைத் தினமும் போடாமல் ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள். நனைந்திருந்தால் செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள்.

கைப்பைதான் சிக்கல். லைனிங்குக்கும் தோலுக்கும் நடுவே அட்டையோ ஸ்பாஞ்சோ இருந்து அதில் பூஞ்சை இறங்கியிருந்தால், மேலே எவ்வளவு துடைத்தாலும் சில வாரத்தில் வாடை திரும்பும். இரண்டு முறை செய்தும் திரும்பினால் லைனிங்கைப் பிரித்து மாற்றித் தரும் தோல் வேலைக்காரரிடம் கொடுங்கள், இல்லையென்றால் பையை விட்டுவிடுங்கள்.

என் ஜாக்கெட் இப்போது பருத்தி உறையில், உள்சுவர்ப் பக்கம் இருக்கும் அலமாரியில் தொங்குகிறது. உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மானி இருக்கிறது. அது 60 சதவீதத்தைத் தாண்டினால் கதவைத் திறந்து வைத்துவிடுகிறேன்.