டிரா நோ பெட், டபுள் சான்ஸ், ஹாஃப் டைம்/ஃபுல் டைம்: விலையை நாமே கட்டிப் பார்ப்பது எப்படி

கால்பந்துப் பந்தயத் திரையில் முதலில் கண்ணில் படுவது 1, X, 2 என்ற மூன்று விலைகள். 1 என்றால் முதல் அணி வெற்றி, X என்றால் டிரா, 2 என்றால் இரண்டாம் அணி வெற்றி. கொஞ்சம் கீழே இறங்கினால் டிரா நோ பெட், டபுள் சான்ஸ், ஹாஃப் டைம்/ஃபுல் டைம் என்று வேறு பெயர்கள் வரும். புதிதாகப் பார்ப்பவருக்கு ஒவ்வொன்றும் தனிச் சரக்கு போலத் தெரியும். உண்மையில் முதல் இரண்டும் அந்த மூன்று விலைகளை வைத்தே கட்டியவை. மூன்றாவதற்கு மட்டும் இன்னொரு தகவல் வேண்டும்.

இந்தச் சந்தைகளில் நான் கடைப்பிடிக்கும் ஒரே ஒழுங்கு, விலையை முதலில் நானே கட்டிவிட்டு அப்புறம்தான் திரையைப் பார்ப்பது. அதையே ஒரு கற்பனை ஆட்டத்தை வைத்துக் காட்டுகிறேன்.

படி 1: மூன்று விலைகளைச் சதவீதமாக மாற்றுங்கள்

நம் ஆட்டத்தின் விலைகள் இவை: 1 = 2.05, X = 3.70, 2 = 3.40. தசம விலையில், 100 வைத்து முதல் அணி வென்றால் கைக்கு வருவது 205. அதில் நம் 100-ம் அடக்கம்.

ஒன்றை விலையால் வகுத்தால் அந்த விலைக்குள் இருக்கும் வாய்ப்பு கிடைக்கும்.

```
1/2.05 = 0.4878
1/3.70 = 0.2703
1/3.40 = 0.2941
கூட்டல் = 1.0522
```

ஆட்டம் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் முடியும், அதனால் கூட்டல் சரியாக 1 வர வேண்டும். மிச்சமாக நிற்கும் 5.2 சதவீதம்தான் புக்மேக்கரின் மார்ஜின். ஒவ்வொரு எண்ணையும் 1.0522-ஆல் வகுத்தால் மார்ஜின் நீங்கிய வாய்ப்பு வரும்: முதல் அணிக்கு 46.4, டிராவுக்கு 25.7, இரண்டாம் அணிக்கு 27.9 சதவீதம். மார்ஜினை மூன்றின் மேலும் ஒரே விகிதத்தில் பரப்பியிருக்கிறார்கள் என்று இங்கே எடுத்துக்கொள்கிறோம். நடைமுறையில் குறைந்த வாய்ப்புள்ள முடிவின் மேல் கொஞ்சம் அதிகம் ஏற்றுவது உண்டு. நம் கணக்குக்கு இது போதும்.

படி 2: டிரா நோ பெட்

முதல் அணி மேல் டிரா நோ பெட் வைத்தால், அது வென்றால் லாபம், தோற்றால் பணம் போச்சு, டிரா ஆனால் வைத்த பணம் அப்படியே திரும்பி வரும்.

இதே ஏற்பாட்டை 1, X விலைகளை வைத்து நாமே செய்யலாம். கையில் 100 இருக்கிறது. டிரா ஆனால் 100 திரும்பி வர வேண்டும் என்பதால், 3.70 விலையில் டிரா மேல் 100 ÷ 3.70 = 27.03 வைக்கிறோம். மீதி 72.97 முதல் அணி மேல் போகிறது. முதல் அணி வென்றால் 72.97 × 2.05 = 149.6. ஆக, நாம் கட்டிய டிரா நோ பெட் விலை 1.50. சூத்திரமாக எழுதினால்:

```
DNB = விலை1 × (விலைX − 1) / விலைX
2.05 × 2.70 / 3.70 = 1.496
```

இப்போது திரையைப் பாருங்கள். அங்கே 1.45 இருந்தால் அதைத் தொட வேண்டாம், பணத்தைப் பிரித்து வைத்தால் 1.50 கிடைக்கிறது. 1.52 இருந்தால் திரையில் இருப்பதே மேல்.

அவர்களால் 1.52 எப்படித் தர முடிகிறது? நாம் பிரித்து வைக்கும்போது டிரா மேல் போகும் 27.03-க்கும் மார்ஜின் கட்டுகிறோம். அவர்கள் நேரடியாகப் போடும் விலையில், டிரா ஆனால் பணம் முழுசாகத் திரும்பிவிடும், அந்தப் பகுதியில் மார்ஜின் என்ற பேச்சே இல்லை. மார்ஜினே இல்லாத விலை என்னவென்று பார்க்க, டிராவை ஒதுக்கிவிட்டு 46.4-ஐ (46.4 + 27.9)-ஆல் வகுங்கள். 62.4 சதவீதம், அதாவது 1.60. இந்த 1.60-க்கும் கட்டிய 1.50-க்கும் நடுவில் திரை விலை எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. 1.52-இல் வைத்தாலும் சராசரியாக 100-க்கு 4 போல இழப்புதான், பிரித்து வைத்தால் 5.

ஒரு சின்ன விஷயம். ஒரு அணிக்குக் கற்பனையாகக் கோல் கூட்டியோ குறைத்தோ முடிவைக் கணக்கிடும் ஏசியன் ஹேண்டிகேப் பட்டியலில் 0 என்று போட்டிருப்பதும் இதே டிரா நோ பெட்தான். ஒரே திரையில் இரண்டுக்கும் வெவ்வேறு விலை இருப்பதைப் பார்க்கலாம், அதனால் அங்கேயும் ஒரு கண் வையுங்கள்.

படி 3: டபுள் சான்ஸ்

மூன்று முடிவுகளில் இரண்டை ஒரே பந்தயத்தில் எடுப்பது இது. 1X என்றால் முதல் அணி வெற்றி அல்லது டிரா, 12 என்றால் டிரா தவிர எதுவும், X2 என்றால் டிரா அல்லது இரண்டாம் அணி வெற்றி. இதில் பணம் திரும்பும் நிலை கிடையாது, எடுத்த இரண்டில் எது நடந்தாலும் ஒரே தொகை வரும்.

```
1X = (2.05 × 3.70) / (2.05 + 3.70) = 1.32
12 = (2.05 × 3.40) / (2.05 + 3.40) = 1.28
X2 = (3.70 × 3.40) / (3.70 + 3.40) = 1.77
```

திரையில் இதே ஆட்டத்துக்கு 1.28, 1.24, 1.70 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மார்ஜின் பார்க்க ஒன்றை விலைகளால் வகுத்துக் கூட்டினால் 2.176 வருகிறது. புதியவர் இங்கேதான் தடுமாறுவார்: 117.6 சதவீத மார்ஜினா? இல்லை. ஆட்டம் எப்படி முடிந்தாலும் இந்த மூன்றில் இரண்டு வெல்லும், அதனால் நியாயமான கூட்டல் இங்கே 2. பாதியாக்கினால் 1.088, அதாவது 8.8 சதவீத மார்ஜின். 1, X, 2 விலைகளில் 5.2-தான் இருந்தது.

அந்த வித்தியாசம் கைக்காசில் எவ்வளவு? 1X-க்காக 100-ஐப் பிரிப்போம். முதல் அணி மேல் 100 × 3.70 ÷ 5.75 = 64.35, டிரா மேல் 35.65. முதல் அணி வென்றால் 64.35 × 2.05 = 131.9. டிரா ஆனால் 35.65 × 3.70 = 131.9. டபுள் சான்ஸ் பொத்தானை அழுத்தியவருக்கு வருவது 128. லாபம் 32 வர வேண்டிய இடத்தில் 28. இரண்டு முறை தொகை தட்டுவதைத் தவிர்க்க லாபத்தில் எட்டில் ஒரு பங்கைக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

படி 4: ஹாஃப் டைம்/ஃபுல் டைம்

இடைவேளையில் யார் முன்னிலை, முடிவில் யார் வெற்றி என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றுக்கு மூன்று, ஆக ஒன்பது முடிவுகள். 1/1 என்றால் இரண்டு நேரத்திலும் முதல் அணி. 2/1 என்றால் இடைவேளையில் பின்தங்கிய முதல் அணி கடைசியில் வென்றது.

இங்கே எல்லோரும் முதலில் செய்யும் தவறு, இடைவேளை வாய்ப்பையும் முடிவு வாய்ப்பையும் பெருக்கிவிடுவது. முதல் பாதியில் முன்னிலையில் இருக்கும் அணி வெல்வதற்கான வாய்ப்பு அந்த நிமிடமே மாறிவிடுகிறது. இரண்டும் தனித்தனி நிகழ்வுகள் அல்ல. பெருக்க வேண்டியது முதல் பாதியின் கோல் வித்தியாசத்துக்கான வாய்ப்பையும் இரண்டாம் பாதியின் கோல் வித்தியாசத்துக்கான வாய்ப்பையும்.

நம் ஆட்டத்தில் முதல் அணி சராசரியாக 1.5 கோல், இரண்டாம் அணி 1.1 கோல் அடிக்கும் என்று வைத்தால், படி 1-இல் வந்த சதவீதங்களோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில்தான் கோல் அதிகம் விழும், அதனால் 45:55 என்று பிரிக்கிறேன். முதல் பாதிக்கு 0.675, 0.495. இரண்டாம் பாதிக்கு 0.825, 0.605. விரிதாளில் ஒவ்வொரு கோல் எண்ணிக்கைக்கும் வாய்ப்பு எடுக்க இது போதும்:

```
=POISSON.DIST(1, 0.675, FALSE)
```

முதல் அணி முதல் பாதியில் சரியாக ஒரு கோல் அடிக்கும் வாய்ப்பு 34.4 சதவீதம் என்று இது சொல்லும். 0, 1, 2, 3 என்று இரண்டு அணிக்கும் எடுத்து, கட்டம் கட்டமாகப் பெருக்கிக் கோல் வித்தியாசவாரியாகக் கூட்ட வேண்டும்.

1/1-ஐ மட்டும் முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். இடைவேளையில் சரியாக ஒரு கோல் முன்னிலைக்கு வாய்ப்பு 24.65 சதவீதம். அங்கிருந்து வெல்ல, இரண்டாம் பாதியைத் தோற்காமல் இருந்தால் போதும், அதற்கு 75.3 சதவீதம். பெருக்கினால் 18.6. இரண்டு கோல் முன்னிலைக்கு 7.9 சதவீதம், அங்கிருந்து இரண்டாம் பாதியை ஒரு கோலில் தோற்றால்கூட வெற்றிதான், அதற்கு 93.7. பெருக்கினால் 7.4. மூன்றும் அதற்கு மேலும் சேர்ந்து 2 போல. மொத்தம் 28 சதவீதம், நியாய விலை 3.57.

இதையே தவறான வழியில் போட்டால் முதல் பாதி முன்னிலை 34.6 × மொத்த வெற்றி 46.4 = 16 சதவீதம், விலை 6.2. திரையில் 3.20 பார்த்து 'பாதி விலைதான் தருகிறார்கள்' என்று நினைப்பவர் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார். மறுபக்கம் 2/1-இல் ஏமாற்றம் தலைகீழாக வரும். பெருக்கினால் 23.1 × 46.4 = 10.7 சதவீதம், விலை 9.3. சரியான கணக்கில் 2.4 சதவீதம்தான், நியாய விலை 41. திரையில் 23 என்று பெரிதாக நிற்கும்போது அள்ளிக்கொடுப்பது போலத் தெரியும். ஆனால் 100 வைத்தால் சராசரியாகத் திரும்புவது 56. அதே திரையில் 1/1-க்கு 3.20 என்றால் திரும்புவது 90 போல. ஒரே பட்டியலுக்குள் மார்ஜின் இவ்வளவு ஏற்றத்தாழ்வாகப் பரவியிருக்கும், பெரிய விலைகளில்தான் அதிகம் ஒளிந்திருக்கும். ஒன்பதையும் வகுத்துக் கூட்டிப் பாருங்கள், இங்கே நியாயமான கூட்டல் 1-தான். நம் ஆட்டத்துக்கு 3.20, 15, 34, 5, 5.50, 8, 23, 15, 5.50 என்று இருந்தால் கூட்டல் 1.207.

படி 5: உங்கள் கட்டத்தைச் சரிபாருங்கள்

முடிவு டிரா என்று உள்ள மூன்றையும் (1/X, X/X, 2/X) கூட்டுங்கள். எனக்கு 5.0 + 15.8 + 5.0 = 25.8 வந்தது. படி 1-இல் X-க்கு 25.7. இது ஒத்துப்போகவில்லை என்றால் கோல் சராசரியைத்தான் திருத்த வேண்டும், மேலே ஏறிப் போய் விலையை அல்ல. பல ஆட்டங்களில் இந்த எளிய கணக்கு டிராவைக் குறைத்தே காட்டும். புள்ளியியலாளர்கள் மார்க் டிக்சனும் ஸ்டூவர்ட் கோல்ஸும் 1997-இல் 0-0, 1-0, 0-1, 1-1 ஆகிய நான்கு ஸ்கோர்களுக்கு மட்டும் தனித் திருத்தம் சேர்த்தது இதனால்தான். அதோடு, முன்னிலை பெற்ற அணி பின்வாங்கி ஆடுவதும், பின்தங்கிய அணி ஆளை முன்னே ஏற்றுவதும் இந்தக் கட்டத்துக்குள் வராது. எனவே 3.57 என்று வந்தால் அதை 3.4-இலிருந்து 3.7 வரை என்று படியுங்கள். திரை விலை அந்த வரம்புக்குள் இருக்கும்போது 'தவறான விலை கண்டுபிடித்துவிட்டேன்' என்று சொல்ல இந்தக் கணக்குக்குத் தெம்பு கிடையாது.