ஏரோபிரஸ்: நேராக வைப்பதா, கவிழ்ப்பதா? கசப்பு எங்கே வருகிறது?

ஏரோபிரஸ் என்பது ஒரு குழாயில் காபிப் பொடியையும் வெந்நீரையும் ஊறவிட்டு, ரப்பர் முனை கொண்ட பிளஞ்சரால் அழுத்தி, மூடியிலுள்ள காகித வடிகட்டி வழியாகக் காபியை இறக்கும் கருவி. மதுரையில் காபிப் பொடிக்கடைக்குப் போனால் கேட்காமலேயே சிக்கரி கலந்து கொடுத்துவிடுவார்கள். ஏரோபிரஸ்ஸுக்கு அது வேண்டாம். காகித வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். "சிக்கரி இல்லாம, ஃபில்டருக்கு அரைக்கிறதவிடக் கொஞ்சம் கொரகொரப்பா" என்று சொல்லி அரைத்து வாங்குங்கள். நைஸ் ரவை பதம் சரியாக இருக்கும். தாண்டிக்குடிப் பக்கத்துக் கொட்டை கிடைத்தால் இன்னும் நல்லது.

அளவு: 15 கிராம் பொடி, 180 மில்லி தண்ணீர். லாட்ஜ் கெட்டிலில் கொதித்த தண்ணீரை மூடியைத் திறந்து இரண்டு, மூன்று நிமிடம் ஆறவிடுங்கள்.

நேராக வைக்கும் முறை

மூடியில் காகிதத்தைப் போட்டு நனைத்துத் திருகி, குழாயைத் தம்ளர் மேல் நிறுத்துங்கள். பொடி, தண்ணீர், ஒரு கிளறல். உடனே கீழே சொட்டத் தொடங்கும். பிளஞ்சரை மேல்வாயில் ஒரு சென்டிமீட்டர் சொருகி லேசாக மேலே இழுத்தால், உள்ளே காற்றழுத்தம் குறைந்து சொட்டு பெரும்பாலும் நின்றுவிடும். ஒன்றரை நிமிடம் கழித்து அழுத்துங்கள்.

கவிழ்த்து வைக்கும் முறை

பிளஞ்சரை முதலிலேயே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சொருகி, குழாயைத் தலைகீழாக நிறுத்த வேண்டும். ரப்பர் கோணலாக இருந்தால் தண்ணீர் ஊற்றியதும் சாய்ந்துவிடும். பொடியும் தண்ணீரும் போட்டு அதே ஒன்றரை நிமிடம் ஊறட்டும். சொட்டே விழாது, எல்லாத் தண்ணீரும் முழு நேரம் பொடியோடு இருக்கும். அப்புறம் நனைத்த காகிதம் போட்ட மூடியை இறுகத் திருகி, தம்ளரை மேலே கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திருப்புங்கள். திருப்பும்போதுதான் கை சுடும். ஓடும் ரயிலில் இந்த முறை வேண்டவே வேண்டாம்.

சுவையில் வித்தியாசம்? கவிழ்த்துப் போட்டது கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன காற்றுப் பிடிப்பைச் சரியாகச் செய்தால் அந்த இடைவெளி சிறிதுதான். என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர் நேராகவே வைக்கலாம்.

அழுத்தும் வேகம்

அரை நிமிடத்தில் இறங்க வேண்டும். கையின் கனமே போதும். பத்து நொடியில் இடித்துத் தள்ளினால் பொடிப் படுகை இறுகி, தண்ணீர் ஏதோ ஒரு பக்கம் மட்டும் வழி கண்டுபிடித்து ஓடும். அந்த வழியில் இருக்கும் பொடியிலிருந்து தேவைக்கு மேல் சாறு இறங்கும், மற்றது வெறுமனே நிற்கும். கூடவே நுண்தூளும் காகித ஓரமாகக் கசிந்து வரும். தம்ளர் அடியில் சேறு, நாக்கில் வறட்சியோடு ஒரு கசப்பு என்றால் காரணம் இதுதான்.

மெதுவாக அழுத்தினால் எப்போதும் நல்லது என்றும் இல்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்தால் ஊறும் நேரம் கூடி, சேறில்லாமலேயே கசக்கும். கை நகரவே மறுத்தால் அரவை நைஸ்; பலத்தைக் கூட்டாமல் அடுத்த முறை கொரகொரப்பாக வாங்குங்கள்.

"உஸ்" என்று காற்றுச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள்.

பால் சேர்ப்பவர்கள் தண்ணீரை 100 மில்லியாகக் குறைத்துக்கொள்ளலாம். முடிந்ததும் மூடியைக் கழற்றி சக்கையைத் தள்ளிவிட்டு, பிளஞ்சரை முழுக்க உள்ளே தள்ளி ரப்பர் மறுபக்கம் வெளியே நிற்கும்படி வையுங்கள். பாதியில் விட்டால் ரப்பர் நசுங்கி, அடுத்த தடவை ஓரமாக ஒழுகும்.