சென்னையை 48 மடங்கு பெரிதாக்கும்போது திருவள்ளூருக்கு என்ன ஆகிறது? கார்ட்டோகிராம் வரைவோர் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டு வரைபடத்தில் மாவட்டங்களின் பரப்பை மக்கள்தொகைக்கு ஏற்ப மாற்றி வரைய வேண்டும், அதே நேரம் பக்கத்து மாவட்டம் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பார்த்தவுடன் தமிழ்நாடு என்றும் தெரிய வேண்டும். இப்படி வரையும் படத்துக்குக் கார்ட்டோகிராம் என்று பெயர். இந்த வேலையில் இறங்குபவர்கள் நேராக மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

2011 கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். அப்போது மாவட்டங்கள் 32. மாநிலத்தின் மக்கள்தொகை 7,21,47,030, பரப்பு ஏறத்தாழ 1,30,060 சதுர கிலோமீட்டர். சென்னை மாவட்டத்தில் 46,46,732 பேர், அதாவது மாநிலத்தில் 6.44 சதவீதம். ஆகவே படத்திலும் சென்னைக்கு 6.44 சதவீத இடம் தர வேண்டும். அது கிட்டத்தட்ட 8,380 சதுர கிலோமீட்டர். அன்றைய சென்னையின் உண்மையான பரப்போ வெறும் 175. சென்னை 48 மடங்கு வளர வேண்டும். நீலகிரி பாதியாகச் சுருங்க வேண்டும், சிவகங்கையும் ஏறக்குறைய அப்படித்தான். மற்ற மாவட்டங்கள் எல்லாம் பாதிக்கும் இரண்டு மடங்குக்கும் இடையில் அடங்கிவிடும். இந்தப் படத்தின் சிக்கல் முழுக்க சென்னை என்ற ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில், எல்லையும் எண்ணும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இணையத்தில் இப்போது எளிதில் கிடைப்பது 38 மாவட்டக் கோப்பு. கையில் இருக்கும் எண்களோ 2011இன் 32 மாவட்டங்களுக்கு உரியவை. தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவை 2019இல் வந்தன, மயிலாடுதுறை 2020இல் வந்தது. இவற்றுக்கு எண் இல்லாமல் காலியாக வரும் என்பதால் தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது சென்னைதான். 2018இல் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அதன் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் ஆனது. பெயர் மாறவில்லை, அதனால் பெயரை வைத்து இணைத்தால் 426 சதுர கிலோமீட்டர் எல்லையில் பழைய 46 லட்சம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சேர்க்கப்பட்ட பகுதிகளின் மக்கள் இன்னும் பக்கத்து மாவட்டங்களின் கணக்கிலேயே இருப்பார்கள். புதிய எல்லைதான் வேண்டும் என்றால் தாலுகா, கிராம அளவிலான 2011 எண்களை எடுத்துத் திரும்பக் கூட்ட வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் 32 மாவட்டக் கோப்போடு நிற்பதே நல்லது.

அப்புறம், மக்கள்தொகை என்ற இடத்தில் மக்கள் அடர்த்தியைக் கொடுத்துவிடுவது. சென்னையின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26 ஆயிரத்துக்கு மேல். அதை எடையாக வைத்தால் பாதிக்கும் மேற்பட்ட தமிழ்நாடு சென்னையாகிவிடும். படம் பார்க்கவே சகிக்காது, அதனால் இந்தத் தவறு அதிக நேரம் ஒளிந்திருக்காது.

ஒளிந்திருக்கும் தவறுக்கு வருகிறேன். நானே இதில் ஏமாந்திருக்கிறேன். R மொழியில் `cartogram` என்ற தொகுப்பு பலருக்கும் பழக்கம். அதன் `cartogram_cont` செயற்கூறு, 1985இல் டவ்கெனிக், கிறிஸ்மன், நீமேயர் மூவரும் வெளியிட்ட முறையில் இயங்குகிறது. ஒவ்வொரு மாவட்டமும் தன் மையத்திலிருந்து சுற்றியுள்ள புள்ளிகளைத் தள்ளும், அல்லது இழுக்கும். சுற்றுச் சுற்றாக இது நடந்து பரப்புகள் இலக்கை நெருங்கும். நான் முதல்முறை ஓட்டியபோது சில சுற்றுகளிலேயே பிழை நன்றாகக் குறைந்தது, படமும் அழகாக வந்தது. திருவள்ளூர் பருத்திருந்தது, நீலகிரி சுருங்கியிருந்தது. சென்னை மட்டும் சின்னப் பொட்டாகவே இருந்தது.

காரணம் `prepare = "adjust"` என்ற முன்னிருப்பு அமைப்பு. மாவட்டங்கள் எத்தனை மடங்கு வளர வேண்டும் என்று வரிசைப்படுத்தி, மேல் 5 சதவீதத்திலும் கீழ் 5 சதவீதத்திலும் இருப்பவற்றை அந்த வரம்புக்குள் இழுத்துவிடுகிறது. கணக்கு சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. 32 மாவட்டங்களில் சென்னைக்கு அடுத்து அதிகம் வளர வேண்டியவை கன்னியாகுமரியும் திருவள்ளூரும், இரண்டும் சுமார் 2 மடங்கு. ஆகவே மேல் வரம்பு ஏறத்தாழ 2 மடங்கில் விழுகிறது. 48 மடங்கு வளர வேண்டிய சென்னைக்கு 2 மடங்கு, அதாவது 350 சதுர கிலோமீட்டர். எண்ணாகச் சொன்னால் 46 லட்சம் பேரை 2 லட்சத்துக்கும் கீழே வெட்டியாயிற்று. பிழையும் இந்த வெட்டிய எண்ணோடு ஒப்பிட்டே கணக்கிடப்படுகிறது, அதனால் திரையில் எல்லாம் சரியாகத் தெரிகிறது.

எனவே மென்பொருள் சொல்லும் பிழையை நம்பாமல், நீங்களே வந்த பரப்பை மூல மக்கள்தொகையோடு ஒப்பிடுங்கள். கீழே `tn` என்பது மாவட்டக் கோப்பு, `pop` என்பது அதில் மக்கள்தொகை உள்ள நெடுவரிசை:

```r
library(sf); library(cartogram)
tn <- st_transform(tn, 32644)
tn <- st_segmentize(tn, 500)
k <- cartogram_cont(tn, "pop", itermax = 40,
                    prepare = "none")
a <- as.numeric(st_area(k))
round((a / sum(a)) / (k$pop / sum(k$pop)), 2)
```

கடைசி வரியில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் எண் வரும். 1 என்றால் சரியான பரப்பு, 0.5 என்றால் கிடைக்க வேண்டியதில் பாதிதான் கிடைத்திருக்கிறது. சராசரியைப் பார்க்காதீர்கள், மிக மோசமான எண்ணைப் பாருங்கள். 31 மாவட்டங்கள் சரியாக இருந்து சென்னை மட்டும் தவறினால் சராசரி அதைக் காட்டிக்கொடுக்காது. என் அளவுகோல் எல்லா மாவட்டமும் 0.95க்கும் 1.05க்கும் இடையில் வருவது. அதற்கு மேல் துல்லியம் தேடிச் சுற்றுகளைக் கூட்டினால் கண்ணுக்குத் தெரியாத லாபத்துக்காக எல்லைக்கோடுகள் இன்னும் முறுக்கிக்கொள்ளும்.

மேலே உள்ள `st_segmentize` வரியை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. 175 சதுர கிலோமீட்டர் நிலம் வட்டமாக இருந்தால் ஆரம் ஏழரை கிலோமீட்டர். 8,380 ஆகும்போது ஆரம் 50 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. எல்லைக்கோட்டில் 3 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி இருந்தால், பெரிதானபின் அது 20 கிலோமீட்டர் நீள நேர்க்கோடாகிவிடும். கோட்டின் இரு முனைகள் நகரும், நடுப்பகுதி வளைய வழியில்லை, அது திருவள்ளூரை வெட்டிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். 500 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டால் கோடு வளைந்துகொடுக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கோப்பு பெரிதாக இருக்கிறதென்று `st_simplify` கொண்டு முன்கூட்டியே எளிமையாக்குவார்கள். அது ஒவ்வொரு மாவட்டத்தையும் தனித்தனியாகச் செதுக்கும். காஞ்சிபுரத்தின் பக்கமிருந்து பார்த்தால் ஒரு எல்லை, விழுப்புரத்தின் பக்கமிருந்து பார்த்தால் இன்னொரு எல்லை. மூலப் படத்தில் தெரியாத அந்தக் கீற்று கார்ட்டோகிராமில் வாயைப் பிளக்கும். பொது எல்லையை ஒரே கோடாக வைத்துச் செதுக்கும் `mapshaper` போன்ற கருவியைப் பயன்படுத்துங்கள். அங்கேயும் தனுஷ்கோடி வாலையும் கோடியக்கரை முனையையும் காப்பாற்றுங்கள். ராமநாதபுரம் எப்படியும் சுமார் 60 சதவீதமாகச் சுருங்கப்போகிறது. அந்த வாலும் போய்விட்டால் படத்தைத் தமிழ்நாடு என்று அடையாளம் காணும் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை.

சரி, எல்லாம் செய்தும் திருவள்ளூர் ஏன் பிறை போல ஆகிறது? அது சென்னையை வடக்கிலும் மேற்கிலும் அணைத்துக்கொண்டிருக்கிறது, காஞ்சிபுரம் தெற்கிலும் தென்மேற்கிலும். நடுவில் இருப்பது ஊதினால் சுற்றியிருப்பது நீண்டு மெலிவது வடிவவியல், அதைத் தடுக்க முடியாது. மூன்று மாவட்டமும் சேர்ந்து 8,080 சதுர கிலோமீட்டரிலிருந்து 22,300க்குப் போக வேண்டும். அத்தனை நிலமும் எங்கே போகும் என்பதைத்தான் நாம் தீர்மானிக்க முடியும். கிழக்கே கடல் இருக்கிறது.

பரவல் முறையில் வரைபவர்கள் கடலில்தான் தவறு செய்கிறார்கள். 2004இல் காஸ்ட்னரும் நியூமனும் கொடுத்த முறையில் மக்கள்தொகை, அடர்த்தி மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நீரில் மை பரவுவது போலப் பரவும், எல்லைக்கோடுகளும் கூடவே மிதந்து போகும். கடலை வெற்றிடமாக விட்டால், பூஜ்ய அடர்த்தி என்று பொருளாகி, கரை முழுவதும் கடலுக்குள் வழிந்துவிடும். கடலுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் தமிழ்நாட்டின் சராசரி அடர்த்தியை, அதாவது சதுர கிலோமீட்டருக்கு 555 பேரைக் கொடுக்க வேண்டும். படத்தைச் சுற்றி நிறைய வெற்றுப் பரப்பும் விட வேண்டும். அப்போது சென்னைக் கரை மட்டும் வங்காள விரிகுடாவுக்குள் புடைக்கும், கன்னியாகுமரி முனை தன் இடத்திலேயே நிற்கும்.

இந்த முறையில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது அரிது. சென்னை போன்ற ஊருக்கு இதுவே எனக்குப் பிடித்தது. ஆனால் இது படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகிறது, அந்தக் கட்டங்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 1,000 கிலோமீட்டர் சதுரத்தை 512க்கு 512 கட்டமாகப் பிரித்தால் ஒரு கட்டம் சுமார் 2 கிலோமீட்டர் அகலம், சென்னைக்குச் சுமார் 45 கட்டம்தான் கிடைக்கும். 1024 வைத்தால் நான்கு மடங்கு கிடைக்கும்.

புதுச்சேரியை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டு கோப்பில் புதுச்சேரி, காரைக்கால் இரண்டும் ஓட்டைகள். ஓட்டை என்றாலும் அதன் ஓரப் புள்ளிகள் நகரும். சில நேரம் நசுங்கி ஒட்டிக்கொள்ளும், சில நேரம் விழுப்புரத்துக் கரையில் பெரிய பள்ளமாகிவிடும். நான் இரண்டையும் தனி மாவட்டம் போல உள்ளே சேர்த்து, அதே 555 அடர்த்தி வரும்படி எண் கொடுத்து, படத்தில் சாம்பல் நிறம் அடித்துவிடுகிறேன். வளரவும் மாட்டா, சுருங்கவும் மாட்டா.

கடைசியாகப் படத்தின் ஓரத்தில் கிலோமீட்டர் அளவுகோல் போடாதீர்கள், அதற்கு இங்கே பொருளே இல்லை. அதற்குப் பதில் ஒரு சிறு சதுரம் வரைந்து ‘1 லட்சம் பேர்’ என்று எழுதுங்கள். நம் கணக்கில் அது 180 சதுர கிலோமீட்டர் வரும், உண்மையான சென்னையின் பரப்பைவிட ஒரு விரற்கடை பெரிது. பக்கத்திலேயே சாதாரண வரைபடத்தைச் சிறிதாக வைத்து, இரண்டிலும் மாவட்டத்துக்கு மாவட்டம் அதே நிறம் கொடுங்கள். பிறகு பெயர்களை எடுத்துவிட்டு வீட்டில் யாரிடமாவது காட்டி, திருவள்ளூர் எது என்று கேளுங்கள். சாதாரண படத்தைப் பார்க்காமல் விரலை வைத்தால் போதும், மெலிந்த பிறையாக இருந்தாலும் பரவாயில்லை. வேலூரைக் காட்டினால் சுற்றுகளைக் குறைத்துவிட்டு, சென்னை மட்டும் இலக்கில் இத்தனை சதவீதமே எட்டியிருக்கிறது என்று படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.