தீபாவளி ஆஃபர் டேக்: சதவீதத்தை ரூபாயாக மாற்றி எழுதுவது எப்படி?

எங்கள் ஊரில் நான் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆவணி பிறந்ததுமே ஜவுளிக்கடைக்காரர்கள் தீபாவளி டேக் அடிக்க வந்துவிடுவார்கள். பெரும்பாலானவர்கள் கொண்டுவரும் துண்டுச்சீட்டில் இருப்பது இவ்வளவுதான்: "சுடிதார் 20%, பட்டு 15%, நைட்டி 10%." அதை அப்படியே அச்சடித்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று பார்க்க, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கடையில் போய் நின்றேன். ஒரு அக்கா புடவையைக் கையில் எடுத்தார், டேக்கைத் திருப்பிப் பார்த்தார், விற்பனைப் பெண்ணிடம் கேட்டார்: "பதினஞ்சு பர்சன்ட் போக இது எவ்வளவுக்கு வரும்மா?" அந்தப் பெண் கால்குலேட்டர் தேடிப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அக்கா வேறு ரேக்குக்குப் போய்விட்டார்.

தீபாவளிக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் மனதில் ஒரு தொகையோடுதான் வருகிறார்கள். "பத்தாயிரத்துக்குள்ள முடிச்சிரணும்" என்பதுதான் வீட்டில் பேசி வந்த கணக்கு. அந்தப் பத்தாயிரத்திலிருந்து கழித்துப் பார்க்க ரூபாய்தான் வேண்டும். 15% என்பதை எதிலிருந்தும் நேராகக் கழிக்க முடியாது.

அதனால் டேக்கில் ரூபாயை எழுதுவோம். ஒரு ஷீட் போதும், அரை மணி நேர வேலை. கூகுள் ஷீட்ஸ், எக்செல் இரண்டிலும் இதே மாதிரிதான்.

படி 1: பழைய விலையை நேர்மையாகப் பிடியுங்கள்

முதல் வரி தலைப்புக்கு, சரக்கு இரண்டாவது வரியிலிருந்து. A நெடுவரிசையில் சரக்கின் பெயர், B நெடுவரிசையில் பழைய விலை, C நெடுவரிசையில் தள்ளுபடி சதவீதம் (20% என்றே டைப் செய்யுங்கள்). B நெடுவரிசையில் எதை எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. போன மாதம் அந்தச் சுடிதார் என்ன விலைக்குப் போனதோ அதுதான் பழைய விலை. ஆஃபருக்காகவே விலையை ஏற்றி எழுதி, அதிலிருந்து குறைத்துக் காட்டினால், அது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிற தவறான விளம்பரத்தில் போய்ச் சேரும். சட்டம் இருக்கட்டும், ஆடித் தள்ளுபடியில் அதே சுடிதாரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஐப்பசியில் மறுபடி வருவார்கள். விலையை மறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, பழைய விலையிலும் புது விலையிலும் ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்க வேண்டும். ₹1,450 சுடிதாருக்கு 20% போனால் ₹290 மிச்சம், கொடுக்க வேண்டியது ₹1,160. பில் போடும்போது அதற்கு மேல் 5% வரி சேர்த்தால் ₹58 ஏறி ₹1,218 ஆகிவிடும். டேக்கில் ₹290 என்று படித்தவருக்குக் கையில் நின்றது ₹232. சதவீதம் எழுதியிருந்தால் இந்த ஓட்டை பலருக்குத் தெரிந்திருக்காது. ரூபாய் எழுதினால் கல்லாவிலேயே பிடித்துவிடுவார்கள், பிடிக்கவும் வேண்டும்.

படி 2: கொடுக்க வேண்டிய தொகையைக் கணக்கிட்டுச் சில்லறையைத் தள்ளுங்கள்

D நெடுவரிசையில் வாடிக்கையாளர் கொடுக்க வேண்டிய தொகை. E நெடுவரிசையில் மிச்சம்.

```
D2: =FLOOR(ROUND(B2*(1-C2),2),5)
E2: =B2-D2
```

FLOOR விலையை ஐந்தின் மடங்குக்குக் கீழே இறக்குகிறது. ₹899 சட்டைக்கு 20% போனால் வருவது ₹719.20. இதை டேக்கில் போட்டால் யாருக்கும் பிடிக்காது. FLOOR அதை ₹715 ஆக்கும், மிச்சம் ₹184. ஒரு உருப்படிக்கு உங்களுக்குக் கூடுதலாகப் போவது ஐந்து ரூபாய்க்கும் குறைவு. உள்ளே இருக்கும் ROUND எதற்கு? கணினி தசமக் கணக்கில் சில சமயம் 1160-ஐ 1159.9999 என்று உள்ளுக்குள் வைத்திருக்கும். ROUND இல்லாவிட்டால் FLOOR அதை ₹1,155 ஆக்கிவிடும். எங்கேயோ ஒரு டேக்கில் மட்டும் ஐந்து ரூபாய் இடிக்கிறதே என்று நாள் முழுக்கத் தேட வேண்டிவரும்.

மேலிருந்து கீழே இழுத்துவிடுங்கள். நான் அடித்த ஒரு பட்டியலில் நான்கு வரி இப்படி வந்தது:

| சரக்கு | பழைய விலை | தள்ளுபடி | கொடுக்க வேண்டியது | மிச்சம் |
|---|---|---|---|---|
| பட்டுப்புடவை | ₹6,850 | 15% | ₹5,820 | ₹1,030 |
| சுடிதார் | ₹1,450 | 20% | ₹1,160 | ₹290 |
| சட்டை | ₹899 | 20% | ₹715 | ₹184 |
| நைட்டி | ₹380 | 10% | ₹340 | ₹40 |

சதவீத வரிசையைப் பார்த்தால் சுடிதாரும் சட்டையும்தான் பெரிய ஆஃபர், பட்டு அதற்குக் கீழே. ரூபாயில் பார்த்தால் தலைகீழ். 15% என்று டேக் போட்டிருந்த பட்டுப்புடவை ஆயிரம் ரூபாயைத் தாண்டிக் குறைத்துக்கொண்டு, அது யாருக்கும் தெரியாமல் ரேக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

படி 3: நூறு ரூபாய்க்குக் கீழே உள்ளதைத் தனியாக எடுத்து வையுங்கள்

கணக்கு எளிது. விலை நூறு ரூபாயாக இருந்தால் 20%-மும் 20 ரூபாயும் ஒன்றே. நூறுக்கு மேல் போகப் போக ரூபாய் எண் பெரிதாகும், நூறுக்குக் கீழே சதவீத எண்தான் பெரிதாகத் தெரியும். ₹80 கைக்குட்டைக்கு "₹16 மிச்சம்" என்று எழுதினால் உப்புச்சப்பு இருக்காது. அதற்காக அங்கே மட்டும் 20% என்று எழுதவும் எனக்கு மனம் வருவதில்லை. மிச்சத்தை விட்டுவிட்டு ₹80-க்குக் குறுக்கே கோடு போட்டு ₹64 என்று மட்டும் போட்டுவிடுவேன். சூத்திரத்தில் கடைசி 5-ஐ 1 ஆக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் FLOOR அதை ₹60 ஆக்கிவிடும். எண்பது ரூபாய்ச் சரக்கில் நான்கு ரூபாய் சும்மா போவது கடைக்காரருக்கு வலிக்கும்.

படி 4: டேக்கை எழுதுங்கள்

முதலில் வார்த்தை. "₹290 சேமியுங்கள்" என்று பல பேனர்களில் பார்க்கிறேன். கடையை விட்டு வெளியே வந்து யாராவது "நான் 290 ரூபாய் சேமித்தேன்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "முந்நூறு ரூபா மிச்சம்டி" என்றுதான் சொல்வார்கள். அதனால் மிச்சம் என்றே எழுதுங்கள். "கழிவு" என்ற பழைய வணிகச் சொல்லும் சரியானதுதான். ஆனால் துணிக்குப் பக்கத்தில் அதைப் படிக்கிறவர்கள் கழிசல் துணியோ என்று நினைக்கக்கூடும்.

அடுத்து எழுத்தின் அளவு. இதில் நான் ஒரு முறை நன்றாகவே மாட்டிக்கொண்டேன். மிச்சம்தானே கவர வேண்டும் என்று ₹290-ஐ டேக் முழுக்கப் பெரிதாகப் போட்டு, "மிச்சம்" என்பதைக் கீழே பொடி எழுத்தில் வைத்தேன். சுடிதாரே 290 ரூபாய்தான் என்று நினைத்து ஒரு குடும்பம் நான்கு எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்துவிட்டது. கடைக்காரர் அண்ணன் டேக் கட்டோடு என் கடைக்கு வந்தார். எல்லாவற்றையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

இப்போது நான் வைக்கும் வரிசை இதுதான்: மேலே பழைய விலை, சிறியதாக, குறுக்கே ஒரு கோடு. நடுவில் கொடுக்க வேண்டிய தொகை, எல்லாவற்றையும்விடப் பெரியதாக. கீழே வேறு நிறப் பட்டையில் மிச்சம், நடுவில் உள்ள எண்ணின் பாதி உயரத்தில். "மிச்சம்" என்ற சொல் தன் பக்கத்து எண்ணைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. பட்டைக்கான வரியை ஷீட்டே எழுதிக் கொடுக்கும்:

```
F2: ="₹"&TEXT(E2,"#,##0")&" மிச்சம்"
```

படி 5: வாசல் போர்டு

வாசலில் மட்டும் சதவீதத்துக்கு இடம் இருக்கிறது. கோ-ஆப்டெக்ஸ் பண்டிகைக்கு 30% சிறப்புத் தள்ளுபடி என்று போடுகிறதே, அந்த மாதிரிப் பல விலைச் சரக்குக்கும் ஒரே விகிதம் என்றால் ஒரே ரூபாயில் அதைச் சொல்லிவிட முடியாது. அப்படி என்றால் வாசலில் சதவீதம், உள்ளே டேக்கில் ரூபாய்.

ஆனால் நம் பட்டியல் போல விகிதம் கலந்து இருந்தால் "20% வரை" என்று போடாதீர்கள். பட்டுக்கு வருகிறவர் 20-ஐ எதிர்பார்த்து வந்து 15-ஐப் பார்த்து முகம் சுளிப்பார். அங்கே "பட்டுப்புடவைக்கு ₹1,030 மிச்சம்" என்று ஒரு குறிப்பிட்ட புடவையைப் படத்தோடு போடுங்கள், பழைய விலையையும் சேர்த்து. அந்தப் புடவை நான்கு நாளைக்காவது கையிருப்பில் இருக்க வேண்டும்.

"10% + 10%" என்று இரட்டைத் தள்ளுபடி கொடுக்கிறவர்கள் கவனியுங்கள். ₹2,000 முதலில் ₹1,800 ஆகி, பிறகு ₹1,620 ஆகிறது. மிச்சம் ₹380. வாடிக்கையாளர் மனதில் கூட்டி வைத்திருப்பது ₹400. அந்த இருபது ரூபாய்க்குக் கல்லாவில் நடக்கும் சண்டையை நினைத்தால், டேக்கில் ₹380 என்று எழுதிவிடுவதே நிம்மதி.

நகைக்கடைக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. தங்கத்தின் விலை தினமும் மாறுவதால் செய்கூலி, சேதாரத்தில் போகும் சதவீதத்தை ஒரு வாரம் முன்பே ரூபாயாக அடித்து வைக்க முடியாது. அங்கே "கிராமுக்கு இத்தனை ரூபாய் குறைவு" என்று எழுதுவது ஒரு வழி.

படி 6: பில்லின் அடியில் ஒரு வரி

மேலே உள்ள நான்கையும் ஒரே குடும்பம் எடுத்தது என்று வையுங்கள். பழைய விலையில் ₹9,579. கொடுத்தது ₹8,035. பில்லின் கடைசியில் "இந்த பில்லில் உங்கள் மிச்சம் ₹1,544" என்று வர வேண்டும். பில்லிங் மென்பொருளில் மொத்தத் தள்ளுபடியைக் காட்டும் வசதி பெரும்பாலும் இருக்கும், அதன் பெயரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பணம் கட்டும் முன்பே அதை வாய்விட்டுச் சொல்லும் கல்லாக்காரர் கெட்டிக்காரர். பத்தாயிரம் கொண்டுவந்தவர் கையில் இன்னும் ₹1,965 இருக்கிறது, இன்னொரு சட்டை ₹715தான் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

மொத்த டேக்கையும் அடிப்பதற்கு முன் ஒன்றே ஒன்றை அடித்து, கடையில் வேலை செய்யாத மூன்று பேரிடம் கொடுங்கள். பக்கத்து டீக்கடை அண்ணன், பூ விற்கும் அக்கா, யாராவது பள்ளிக்கூடப் பையன் போதும். "இதுக்கு எவ்வளவு கொடுக்கணும்?" என்று மட்டும் கேளுங்கள். மூவரில் ஒருவர் மிச்சத் தொகையைச் சொல்லிவிட்டாலும் எழுத்தின் அளவை மாற்றி, வேறு மூன்று பேரிடம் கேளுங்கள்.