பூட்டும்போது ஒரு படம், திறக்கும்போது ஒரு படம்

மாலையில் அலுவலகத்தைப் பூட்டும்போதும் காலையில் திறந்ததும் மின்மீட்டரைப் படம் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஆளில்லாமல் ஓடிய மின்சாரம். பெரும்பாலும் அங்கேதான் மலிவான மிச்சம் இருக்கிறது.

வெந்நீர் இயந்திரம் இரவில் 0.6 யூனிட் இழுக்கிறது என்று வையுங்கள். யூனிட் 30 காசு என்றால் இரவுக்கு 18 காசு. இரவில் அதை அணைத்துவைக்கும் 12 வெள்ளி டைமர் 67 இரவில் போட்ட காசை எடுத்துவிடும். பத்து எல்இடி குழல்விளக்குக்கு 150 வெள்ளி செலவு, ஒரு வேலைநாளில் மிச்சம் 54 காசு. போட்ட காசு திரும்ப 278 வேலைநாள், ஒரு வருடத்துக்கு மேல். ஆகவே டைமர்தான் முதலில்.

குளிர்சாதனம் கட்டடத்துக்கே பொதுவாக இருந்தால் அது உங்கள் மீட்டரில் தெரியாது. வாடகையிலேயே மின்கட்டணம் அடங்கியிருந்தால் மிச்சம் உங்களுக்கு வராது. குளிர்பதனப் பெட்டி, சர்வர், அலாரம் மூன்றையும் டைமரில் மாட்டவே கூடாது.